ஆறு பந்தும் ஒரே பக்கம்: மாஸ்கோ 2008 ஷூட்அவுட்டில் தரவு செய்ததும் கெடுத்ததும்

2008 மே 21, மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானம். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், நல்ல மழை. மான்செஸ்டர் யுனைடெட்டும் செல்சியும் 1-1 என்று முடித்து, கூடுதல் நேரத்திலும் தீராமல், பெனால்டி ஷூட்அவுட்டுக்கு வந்துவிட்டார்கள். அதுவும் ஐந்து சுற்றில் முடியவில்லை. ஏழாவது சுற்றில் யுனைடெட்டின் கிக்ஸ் கோல் போட்டுவிட்டார். செல்சிக்காக நிக்கோலா அனெல்கா பந்தை வைக்கிறார். தவறவிட்டால் கோப்பை போயிற்று.

அப்போது யுனைடெட்டின் கோல்கீப்பர் எட்வின் வான் டெர் சார் ஒரு காரியம் செய்தார். இடது கையை நீட்டி, தன் இடதுபக்க மூலையைக் காட்டினார். ‘நீங்க எல்லாரும் இங்கேதானே அடிக்கிறீங்க?’ என்று கேட்பது போல இருந்தது. அனெல்கா மறுபக்கம், கீப்பரின் வலதுபுறம் அடித்தார். பந்து தரையோடும் போகவில்லை, உயரவும் இல்லை. நடுவாந்தர உயரத்தில் போனது. வான் டெர் சார் அங்கேதான் பாய்ந்தார். தடுத்தார். 6-5.

பெனால்டித் தரவைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த ஆட்டத்துக்கு வருவார்கள். காரணம், செல்சியின் கையில் அன்று ஓர் அறிக்கை இருந்தது. எதிராளி என்ன செய்வார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுப்பதை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டின் கண்ணால் பெனால்டிகளைப் பல வருடம் பார்த்த பொருளாதார ஆய்வாளர் இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவெர்த்தா எழுதியது அது. பொதுவான நண்பர் ஒருவர் வழியாகச் செல்சி மேலாளர் அவ்ரம் கிராண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அறிக்கையின் கணிப்புகள் பெரும்பாலும் பலித்தன. ஆனாலும் செல்சி தோற்றது. ஏன் என்று பார்த்தால், திசைத் தரவை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எந்த இடத்தில் அது நம்மையே திருப்பிக் கடிக்கும் என்று இரண்டும் ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

அறிக்கை சொன்னது

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். வலதுகால் ஆட்டக்காரர் ஓடிவந்து உதைக்கும்போது, பந்தைத் தன் இடதுபக்கமாகக் குறுக்கே அனுப்புவது அவர் உடம்புக்குச் சுலபம். அது கீப்பருக்கு வலதுபுறம். இதை ‘இயல்புப் பக்கம்’ என்று வைத்துக்கொள்வோம். இடதுகால்காரருக்கு எல்லாம் தலைகீழ்: அவருடைய இயல்புப் பக்கம் கீப்பரின் இடதுபுறம்.

இதில் இடறி விழாதவர் இந்த வேலையில் கிடையாது. நானே ஒருமுறை ஓர் அணிக்குப் பட்டியல் போட்டபோது, பாதிப் பந்துகளை உதைப்பவரின் இடது வலதாகவும் மீதியைக் கீப்பரின் இடது வலதாகவும் குறித்துத் தொலைத்தேன். கோலுக்குப் பின்னால் இருந்து எடுத்த காட்சிகளில் எல்லாம் திரும்பித் தெரிந்ததுதான் வினை. பட்டியலில் இருந்த ஒருவர் பாதிக்குப் பாதி அடிப்பவராகக் கணக்கில் வந்தார். உண்மையில் அவர் பத்தில் எட்டை ஒரே பக்கம் அடிப்பவர். அதிலிருந்து இடது வலது என்று எழுதுவதையே விட்டுவிட்டேன். எந்தக் கால், இயல்புப் பக்கமா மறுபக்கமா, இவ்வளவுதான் குறிப்பேன். கீப்பருக்குக் கொடுக்கும் தாளில் மட்டும் கடைசியில் இடது வலதாக மாற்றுவேன்.

சரி, அறிக்கைக்கு வருவோம். அதில் முக்கியமாக நான்கு விஷயங்கள் இருந்தன. ஒன்று, வான் டெர் சார் மற்ற கீப்பர்களைவிட அதிகமாக உதைப்பவரின் இயல்புப் பக்கம் பாய்கிறார். ஆகவே மறுபக்கம் அடியுங்கள். இரண்டு, அவர் தடுத்தவற்றில் பெரும்பாலானவை நடுவாந்தர உயரத்தில் வந்தவை; தரையோடு அடியுங்கள், இல்லாவிட்டால் மேலே தூக்குங்கள். மூன்று, கிறிஸ்டியானோ ரொனால்டோ ஓடிவரும்போது நடுவில் ஒரு கணம் நின்றால், 85 சதவீத வாய்ப்பு பந்து கீப்பரின் வலதுபுறம் வரும். அவர் கடைசி நொடியில் கீப்பரைப் பார்த்து முடிவெடுப்பவர் என்பதால், செல்சி கீப்பர் செக் முன்கூட்டியே அசையக் கூடாது. நான்கு, டாஸ் கிடைத்தால் முதலில் உதையுங்கள்.

டாஸ் யுனைடெட்டின் ரியோ பெர்டினாண்டுக்குப் போனது. யுனைடெட் முதலில் உதைத்தது. மூன்றாவதாக வந்தவர் ரொனால்டோ. ஓடிவந்தார், நடுவில் நின்றார். பெட்டர் செக் அசையவில்லை. பந்து செக்கின் வலதுபுறம் வந்தது; தடுத்துவிட்டார். ஒரு வரித் தகவல் ஒரு கோலை மிச்சப்படுத்தியது. இவ்வளவு சுத்தமாகப் பலிப்பது அபூர்வம்.

செல்சி பக்கம் பலாக், பெலெட்டி, லம்பார்டு மூவரும் வலதுகால்காரர்கள். மூவரும் மறுபக்கம், அதாவது கீப்பரின் இடதுபுறம் அடித்தார்கள். மூன்றும் கோல். நான்காவது ஆஷ்லி கோல், இடதுகால்காரர். அறிக்கைப்படி அவர் கீப்பரின் வலதுபுறம் அடித்திருக்க வேண்டும். அவர் மட்டும் கேட்கவில்லை. கீப்பரின் இடதுபுறமே அடித்தார். வான் டெர் சார் சரியான பக்கம் பாய்ந்து கையையும் வைத்துவிட்டார், பந்து மயிரிழையில் உள்ளே போனது. ஐந்தாவது ஜான் டெர்ரி. போட்டால் கோப்பை. கீப்பர் தவறான பக்கம் பாய்ந்துவிட்டார், ஆனால் ஊன்றிய கால் ஈரத்தில் வழுக்கி, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஆறாவது கலூ, கீப்பரின் இடதுபுறம், கோல்.

ஆறு பேர், ஆறு பந்து, எல்லாம் வான் டெர் சாரின் இடதுபுறம். ஏழாவது ஆள் வரும்போது அவர் கையை நீட்டியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

எவ்வளவு லாபம், எவ்வளவு ஆபத்து

இங்கே கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பலாசியோஸ்-ஹுவெர்த்தா 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 1,417 பெனால்டிகளை எடுத்து, உதைத்த பக்கமும் கீப்பர் பாய்ந்த பக்கமும் சேர்ந்த நான்கு நிலைகளில் எத்தனை கோலாயின என்று பார்த்தார்.

இருவரும் இயல்புப் பக்கம் போனால் நூற்றுக்கு 70 கோல். இருவரும் மறுபக்கம் போனால் 58. பந்து இயல்புப் பக்கம், கீப்பர் மறுபக்கம் என்றால் 93. பந்து மறுபக்கம், கீப்பர் இயல்புப் பக்கம் என்றால் 95. கீப்பர் தவறான பக்கம் போனாலும் நூறு வராததற்குக் காரணம், வெளியே அடிப்பவர்களும் கம்பத்தில் அடிப்பவர்களும் எப்போதும் இருக்கிறார்கள்.

இந்த நான்கு எண்ணை வைத்துக்கொண்டு, எதிராளி எதைச் செய்தாலும் ஏமாறாத கலவை எது என்று கணக்கிடலாம். உதைப்பவர் சுமார் 61.5 சதவீதம் இயல்புப் பக்கம் அடிக்க வேண்டும். கீப்பர் சுமார் 58 சதவீதம் இயல்புப் பக்கம் பாய வேண்டும். அப்படி இருவரும் ஆடினால் நூற்றுக்குச் சுமார் 80 கோல் விழும். அந்த ஆய்வின் சுவாரசியமே, தொழில்முறை ஆட்டக்காரர்கள் எந்தக் கணக்கும் போடாமல் கிட்டத்தட்ட இதே விகிதத்தில் ஆடினார்கள் என்பதுதான்: அடித்தது 60 சதவீதம், பாய்ந்தது 57.7.

இப்போது வான் டெர் சாரைப் பார்ப்போம். பேச்சுக்கு, அவர் 58-க்குப் பதிலாக 70 சதவீதம் இயல்புப் பக்கம் பாய்பவர் என்று வைத்துக்கொள்வோம். இது நான் வசதிக்காக எடுத்துக்கொண்ட எண். அவருக்கு எதிராக மறுபக்கம் அடித்தால் நூற்றுக்கு 84 கோல். இயல்புப் பக்கம் அடித்தால் 77. ஆக, ஒரு கீப்பருடைய ரகசியத்தைத் தெரிந்துகொண்டதால் கிடைத்த லாபம், 80 என்பது 84 ஆனது. நூறு உதைக்கு நான்கு கோல்.

ஆபத்தின் பக்கம் வாருங்கள். கீப்பர் நம் ஒழுங்கைக் கண்டுபிடித்து, எப்போதும் மறுபக்கமே பாய முடிவு செய்தால், நம் கோல் விகிதம் 58-க்குப் போய்விடும். லாபம் நான்கு, நஷ்டம் இருபதுக்கு மேல். அதாவது ஐந்து உதை வரை மறைந்திருந்து சம்பாதித்ததை, கண்டுபிடிக்கப்பட்ட ஒரே உதையில் இழந்துவிடலாம்.

கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வழக்கமான விகிதத்தில் ஆடும் ஐந்து வலதுகால்காரர்களும் ஓர் இடதுகால்காரரும் அடுத்தடுத்து கீப்பரின் இடதுபுறமே அடிப்பதற்கான வாய்ப்பு அரை சதவீதம். 200 ஷூட்அவுட்டில் ஒன்று. இதைக் கவனிக்கப் புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கீப்பர் ஒவ்வொரு உதைக்குப் பிறகும் தரையில் கிடந்து, பந்து எங்கே போனது என்று திரும்பிப் பார்க்கிறார். மூன்று முறை பார்த்தால் போதும்.

பலரும் கவனிக்காத ஒன்று ஆஷ்லி கோல் விஷயம். முதல் ஆறு பேரில் அறிக்கையை மீறியவர் அவர் ஒருவர்தான். மீறாமல் கீப்பரின் வலதுபுறம் அடித்திருந்தால், வரிசை நான்காவது பந்திலேயே உடைந்திருக்கும். அறிக்கை எழுதியவர் இயல்புப் பக்கம், மறுபக்கம் என்ற மொழியில் யோசித்தார். வான் டெர் சார் பார்த்தது வெறும் இடது வலதை. ஒரே அறிவுரையை இடதுகால்காரருக்கும் வலதுகால்காரருக்கும் கொடுத்தால் கீப்பரின் கண்ணுக்கு அது கலந்து தெரியும். அந்த இயற்கையான மறைப்பைத்தான் செல்சி இழந்தது. ஆகவே வரிசை போடும்போது இடதுகால்காரரை முன்னால், இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைப்பதில் லாபம் இருக்கிறது. அவருடைய கோல் விகிதத்துக்காக மட்டும் இல்லை, மற்றவர்களின் ஒழுங்கை அவர் கலைத்துவிடுவார்.

கீப்பருக்கான தாள்

மேசையின் மறுபக்கம் போவோம். எதிரணியில் ஒருவர் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கீப்பருக்குச் சொல்ல வேண்டும். இங்கே முதல் எதிரி, எண்ணிக்கை போதாமை. வழக்கமாகப் பெனால்டி அடிப்பவருக்கே முப்பது நாற்பது உதைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஷூட்அவுட்டில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஐந்தாறுதான் இருக்கும்.

ஒருவர் பத்து உதையில் ஏழை இயல்புப் பக்கம் அடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ‘70% இயல்பு’ என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. பொதுவான ஆட்டக்காரர் 60 சதவீதம் இயல்புப் பக்கம் அடிக்கிறார் என்பது ஆயிரக்கணக்கான உதைகளில் தெரிந்த விஷயம். அந்த அறிவைக் கற்பனையான இருபது உதைகளாக இவர் கணக்கில் சேர்த்துவிடுவேன்: இருபதில் பன்னிரண்டு இயல்புப் பக்கம். இப்போது (7+12)/(10+20), அதாவது 63 சதவீதம். இருபது என்ற எடையை யாரும் கல்லில் பொறிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மிகவும் வேறுபடுகிறார்கள் என்று நம்பினால் பத்தாகக் குறைக்கலாம்.

கீப்பருக்கு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒன்றுதான் என்ற சமநிலைப் புள்ளி 61.5 என்று மேலே பார்த்தோம். நம் ஆள் 63. இயல்புப் பக்கம் பாய்ந்தால் நூற்றுக்கு 79 கோல் வாங்குவார், மறுபக்கம் பாய்ந்தால் 80. ஒரு கோல் வித்தியாசம். இதற்காகக் கீப்பரின் சொந்தக் கணிப்பை அடக்கிவைக்கச் சொல்வது அபத்தம். இப்படிப்பட்டவர் பெயருக்கு எதிரே நான் ஒரு கோடு போட்டுவிடுவேன்: ‘உன் கண்ணை நம்பு’ என்று அர்த்தம்.

அதே பத்தில் ஒன்பது என்றால்? (9+12)/30, அதாவது 70 சதவீதம். இயல்புப் பக்கம் பாய்ந்தால் 77, மறுபக்கம் பாய்ந்தால் 82 அல்லது 83. ஐந்து கோல் வித்தியாசம். இங்கே அம்புக்குறி போடலாம். என் அனுபவத்தில் பதினோரு பெயர் உள்ள தாளில் இரண்டு அல்லது மூன்று அம்புக்குறிக்கு மேல் வந்தால், நான் எங்கோ தரவை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று பொருள். திரும்ப உட்கார்ந்து பார்ப்பேன்.

திசை எண்ணிக்கையைவிட நம்பத் தகுந்தது பழக்கம். ரொனால்டோவின் ‘நின்றால் வலது’ அந்த வகை. கடைசி நொடி வரை கீப்பரைப் பார்த்து அடிப்பவரா, தலையைக் குனிந்து முன்பே முடிவு செய்த இடத்துக்கு அடிப்பவரா என்பதை நான்கைந்து உதைகளிலேயே தெரிந்துகொள்ளலாம். முதல் வகைக்குக் கீப்பரிடம் சொல்ல வேண்டியது திசை இல்லை, நேரம்: ‘அசையாதே, அவன் கால் பந்தைத் தொடும் வரை.’ அந்த வகை ஆட்டக்காரருக்குத் திசைச் சதவீதம் எழுதுவதே தவறு. அவர் பந்து போன பக்கம், எதிரே நின்ற கீப்பர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதன் பதிவுதான்.

சரியான பக்கம் பாய்ந்தால் பந்து கையில் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இதே செக், கூடுதல் நேரத்தில் ராபன் அடித்ததையும் சேர்த்து, எதிரணி பயர்ன் மியூனிக் அடித்த ஆறு பெனால்டிக்கும் சரியான பக்கம் பாய்ந்தார். அந்த அணியின் பழைய பெனால்டிகளை எல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆறுக்கு ஆறு சரி. ஆனாலும் மூன்று உள்ளே போயின. சரியான பக்கம் பாய்ந்தாலும் நூற்றுக்கு 58-க்கும் 70-க்கும் நடுவே கோல் விழும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், ஆறில் மூன்று நிறுத்தியதே சராசரிக்கு மேல் என்று புரியும்.

தாளில் பெயர் இல்லாதவர் வந்தால் என்ன செய்வது? 2006 உலகக் கோப்பைக் கால் இறுதியில் ஜெர்மனியின் லேமன் தன் காலுறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அர்ஜென்டினாவின் கம்பியாசோ உதைக்க வந்தபோது சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். கம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. தடுத்தார். சீட்டுதான் காரணம் என்று ஒரே ஒரு உதையை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கீப்பர் தாளைப் பார்ப்பதை எதிராளியும் பார்க்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்காமலும் இருக்க முடியாது.

நடுவில் நிற்பதைப் பற்றி இந்த நான்கு எண் கணக்கு ஒன்றும் சொல்லாது. அது இரண்டு பக்கம் மட்டும் உள்ள கணக்கு. பார்-எலி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 286 பெனால்டிகளைப் பார்த்ததில், 28.7 சதவீதம் நடுப்பகுதிக்கு வந்தன, கீப்பர்கள் நின்றதோ 6.3 சதவீதம். நடுவில் அடிக்கும் பழக்கம் உள்ளவரைத் தாளில் தனியாகக் குறிப்பேன். அதற்கு மேல் இங்கே போகவில்லை.

வரிசை

இப்போது யார் எத்தனையாவது என்ற கேள்வி. 2012 யூரோ அரையிறுதியில் ஸ்பெயினிடம் போர்ச்சுகல் தோற்றபோது ரொனால்டோ ஐந்தாவதாக நிறுத்தப்பட்டு, உதைக்காமலே திரும்பினார். 2022 பிப்ரவரியில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் எகிப்தின் சலாவுக்கும் அதே கதி. இரண்டு முறையும் ‘சிறந்த ஆளை வீணாக்கிவிட்டார்கள்’ என்று ஒரே கூச்சல்.

கொஞ்சம் யோசித்தால் அந்தக் கூச்சலில் ஒரு ஓட்டை தெரியும். ஒவ்வொருவருக்கும் எந்த இடத்தில் உதைத்தாலும் ஒரே கோல் விகிதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதே ஐந்து பேரை எந்த வரிசையில் நிறுத்தினாலும் முதல் ஐந்து சுற்றின் முடிவுக்கான வாய்ப்பு மாறாது. ஷூட்அவுட் முன்கூட்டியே முடிகிறது என்றால், மிச்ச உதைகளை எப்படி அடித்தாலும் முடிவு மாறாது என்ற நிலை வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஐந்தையும் கடைசி வரை அடிக்கவிட்டு மொத்தத்தைக் கூட்டினாலும் அதே அணிதான் ஜெயிக்கும். மொத்தம் வரிசையைப் பொறுத்ததா? இல்லை. சலா முதலில் அடித்திருந்தால், அவர் இடத்துக்கு வந்தவர் ஐந்தாவதில் அடிக்காமல் நின்றிருப்பார், அவ்வளவுதான்.

ஆக, ஐந்து பேர் யார் என்பது முக்கியம். அவர்களுக்குள் வரிசை, அழுத்தத்தால் கோல் விகிதம் மாறுகிற அளவுக்குத்தான் முக்கியம். மாறுகிறது. ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் ஷூட்அவுட்களை ஆராய்ந்ததில், போட்டால் உடனே வெற்றி என்ற உதைகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் கோல். தவறவிட்டால் உடனே தோல்வி என்ற உதைகளில் சுமார் 60. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அந்த இரண்டாவது வகை எந்த இடத்தில் அதிகம் வரும் என்று பார்த்து, அங்கே நெஞ்சுரம் உள்ளவரை நிறுத்த வேண்டும்.

எல்லோருக்கும் நான்கில் மூன்று கோல் என்று வைத்துக் கணக்கிட்டேன். முதலில் உதைக்கும் அணியின் ஐந்தாவது ஆளுக்கு 79 சதவீதம் வாய்ப்பு வரும். இரண்டாவதாக உதைக்கும் அணியின் ஐந்தாவது ஆளுக்கு வெறும் 56. ஆனால் அந்த 56-ல் 30 பங்கு, தவறவிட்டால் தோல்வி என்ற நிலையில் வருகிறது. மிச்சம் 26, போட்டால் வெற்றி. முதலில் உதைக்கும் அணியின் ஐந்தாவது ஆளுக்கு அந்தக் கொடுமையான நிலை 23 சதவீதம்தான். எனவே டாஸ் எப்படி விழும் என்று தெரியாத நிலையில் ஒரே வரிசை வைத்துக்கொண்டு போவது சரியில்லை. இரண்டு தாள் வேண்டும். இரண்டாவதாக உதைக்கும் தாளில், ஐந்தாமிடம் அழுத்தத்தில் குலையாதவருக்கு. நடுவரிடம் வரிசையை முன்கூட்டித் தர விதியும் கேட்பதில்லை, கடைசி நிமிடம் வரை மாற்றலாம்.

டாஸைப் பற்றி ஒரு வார்த்தை. ‘முதலில் உதைப்பவர் 60 சதவீதம் ஜெயிக்கிறார்’ என்பது 129 ஷூட்அவுட்களில் கிடைத்த எண். பின்னர் வேறு ஆய்வாளர்கள் 540 ஷூட்அவுட்களைப் பார்த்தபோது 53 ஆகச் சுருங்கியது, தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. இதைச் சமன் செய்ய, முதலில் உதைக்கும் அணி சுற்றுக்குச் சுற்று மாறும் ஏபிபிஏ முறையை 2017-ல் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த வருடமே கைவிட்டார்கள். டாஸ் கிடைத்தால் முதலில் உதைப்பதில் தவறில்லை. அதை நம்பி உட்காரத்தான் கூடாது.

மாஸ்கோவுக்குத் திரும்பினால், செல்சி இரண்டாவதாக உதைத்த அணி. 116-ஆவது நிமிடம் ட்ரோக்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதில் பட்டியல் கலைந்து, ஐந்தாமிடம் டெர்ரிக்கு வந்தது. அவருக்குக் கிடைத்ததோ போட்டால் வெற்றி என்ற நல்ல நிலை. வழுக்கலை எந்தத் தரவும் சொல்லாது. ஆனால் ஆறாவதும் ஏழாவதும் யோசிக்கப்பட வேண்டியவை. மேலே சொன்ன கணக்கில் ஐந்து சுற்று முடிந்து சமனாக நிற்பது நூற்றுக்கு 29 முறை. ஏழாவது சுற்று வரை போவது 18 முறை. கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. பெரும்பாலான அணிகள் ஐந்து பேரை யோசித்து எழுதிவிட்டு, அப்புறம் ‘யார் வர்றீங்க?’ என்று கேட்கின்றன. ஆறாவதிலிருந்து இரண்டாவதாக உதைக்கும் அணிக்கு, எதிரணி கோல் போட்ட ஒவ்வொரு முறையும் அதே கொடுமையான உதைதான். அனெல்காவுக்கு வந்தது அதுதான்.

அன்று வேறென்ன செய்திருக்கலாம்

அறிக்கையின் முதல் அறிவுரை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது ஏழு பேருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்பட்டதுதான் தவறு. நானாக இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு பெயருக்கும் சீட்டுக் குலுக்கிப் பக்கத்தை எழுதிவைப்பேன்: பத்தில் ஏழு மறுபக்கம், பத்தில் மூன்று இயல்புப் பக்கம். இயல்புப் பக்கம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் 84-க்குப் பதில் 77, ஆக மொத்தத்தில் ஓர் உதைக்கு இரண்டு சதவீதப் புள்ளி செலவு. 58-க்கு விழாமல் இருக்க அதைக் கட்டுவேன். குலுக்கிய பிறகு இடதுகால்காரரையும் சேர்த்து, கீப்பரின் கண்ணில் இடது வலதாக எப்படித் தெரியும் என்று ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். முதல் நான்கும் ஒரே பக்கமாக வந்தால், கோட்பாட்டின்படி செய்யக் கூடாதுதான், ஆனாலும் மறுபடி குலுக்குவேன்.

குலுக்கலை மனிதர்களிடம் விடக் கூடாது. ‘நீங்களே கலந்து அடிங்க’ என்றால் ஆட்டக்காரர்கள் மாற்றி மாற்றி அடிப்பார்கள். அதுவும் ஓர் ஒழுங்குதான், நல்ல கீப்பர் படித்துவிடுவார்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, ஆட்டக்காரர் தன் சீட்டை நம்ப வேண்டும். தன் பலமான பக்கத்தை விட்டு மறுபக்கம் பயிற்சியே இல்லாதவரிடம் ‘மறுபக்கம்’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்தால், அவர் ஓடிவரும்போதே மனம் மாறி, நடுவாந்தர உயரத்தில் பாதி மனதோடு அடிப்பார். அதனால் பயிற்சியில் இரண்டு பக்கமும் அவருக்குக் கோல் விகிதம் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துவைத்து, வித்தியாசம் பெரிதாக இருக்கிறவரைக் குலுக்கலில் சேர்க்காமல் அவருக்குப் பிடித்த பக்கமே எழுதிவிடுவேன். நூற்றுக்கு நான்கு கோல் லாபத்துக்காக ஒருவரைச் சொந்தக் காலிலேயே தடுமாறவிட முடியாது.

அனெல்காவின் சீட்டில் அன்று என்ன வந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வலதுபுறம் என்றே வந்து, வான் டெர் சார் அதே பக்கம் பாய்ந்தும் இருக்கலாம். ஆனால் சீட்டில் ‘தரையோடு’ என்றும் எழுதியிருக்கும். அதோடு, கோல் கம்பங்களுக்கு நடுவே நீண்டு நிற்கும் அந்த இடது கையைப் பார்த்து அவர் புதிதாக முடிவெடுக்க எதுவும் மிச்சம் இருந்திருக்காது.